முதல் எக்ஸ்ரேயில் இல்லாத விரிசல் 12 நாளில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பைக் சறுக்கி விழுந்தபோது வலது கையைத் தரையில் ஊன்றிவிட்டேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி, லேசான வீக்கம். அன்றே எக்ஸ்ரே எடுத்து, “முறிவு எதுவும் இல்லை, சுளுக்குதான்” என்றார்கள். வலி போகாததால் 12 நாள் கழித்து வேறு டாக்டரிடம் போனேன். அவர் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு “ஹேர்லைன் ஃப்ராக்சர்” என்கிறார். இரண்டு பிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த விரிசல் எக்ஸ்ரேயில் எப்படித்தான் இருக்கும்? முதல் தடவை எப்படித் தவறவிட்டார்கள்?

முதல் படத்தில் அந்த விரிசல் பதிவாகாமலே இருந்திருக்கலாம். அல்லது பதிவாகியும் பார்த்தவர் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். இந்த இரண்டும் வெவ்வேறு விஷயங்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது 18 வருடமாக என் வேலை. கட்டுப் போடுவதும் ஆபரேஷன் செய்வதும் என் வேலையல்ல, அதனால் சிகிச்சையைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். உங்கள் படங்களையும் நான் பார்க்கவில்லை. எந்த எலும்பு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கையை ஊன்றி விழுந்தது, கட்டைவிரல் பக்கத்து வலி, முதல் படம் நார்மல் என்றது, 12 நாள் கழித்துத் தெரிந்தது, இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது மணிக்கட்டுக்குள் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்பு. முன்கையின் ஆர எலும்பு நுனியிலும் இப்படி நடக்கும். நான் ஸ்கேஃபாய்டு என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், உங்கள் ரிப்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். கதிர் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, வழியில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து தடுக்கிறதோ அவ்வளவு வெளுப்பாக அந்த இடம் விழும். எலும்பு வெள்ளை, சதை சாம்பல், காற்று கருப்பு. விரிசல் என்பது எலும்பில் எலும்பு இல்லாத ஒரு இடுக்கு, ஆகவே அது வெள்ளைக்குள் ஒரு கருங்கோடாக விழும். பென்சிலைக் கூராகச் சீவி, அழுத்தாமல் ஒரு இழுப்பு இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருக்காது, கொஞ்சம் வளைந்தும் நெளிந்தும் போகும். நாங்கள் அந்தக் கோட்டை மட்டும் தேடுவதில்லை. எலும்பின் ஓரத்தில் அடர்ந்த வெள்ளையாக ஒரு தோடு இருக்கும், கார்டெக்ஸ் என்போம். அந்தத் தோட்டின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே போகும்போது எங்கேயாவது பொட்டு அளவுக்கு அறுபட்டிருக்கிறதா, சின்னப் படி விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். பல நேரம் நடுவில் கோடு தெரியாது, ஓரத்தில் இந்த ஒரு பொட்டுதான் காட்டிக்கொடுக்கும். சில முறிவுகளில் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கிவிடும். அங்கே எலும்பு இரட்டிப்பாகச் சேர்வதால் கருங்கோட்டுக்குப் பதில் ஒரு வெள்ளைப் பட்டைதான் தெரியும். கருப்பை மட்டும் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இனி தவறுவதற்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். பழைய பலகைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பலகைக்கு நடுவே இடுக்கு இருக்கிறது. நேர் எதிரே நின்றால் அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடாகத் தெரியும். ஒரு அடி தள்ளி நின்றால் இடுக்கு அப்படியேதான் இருக்கும், வெளிச்சம் மட்டும் தெரியாது. எலும்பு விரிசலும் இதேதான். விரிசல் எந்தத் தளத்தில் போகிறதோ அந்தத் தளத்தோடு கதிரும் நேராகப் போனால்தான் கோடு விழும்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எலும்பு அந்த இடத்தில் 12 மில்லிமீட்டர் தடிமன், விரிசல் 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கதிர் விரிசலுக்கு நேராகப் போனால், அந்த ஒரு கோட்டில் மட்டும் 12 மில்லிமீட்டர் எலும்பும் இல்லாமல் போகிறது. கூர்மையான கருங்கோடு விழும். இப்போது கதிர் 10 டிகிரி சாய்ந்து வருகிறது என்றால், அதே விரிசலின் நிழல் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். அந்த அகலத்துக்குள் வருகிற ஒவ்வொரு கதிரும் இடுக்கை வெட்டிக்கொண்டு போகும் தூரம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர்தான். அதாவது பத்தில் ஒரு பங்கு எலும்புதான் குறைகிறது. பத்தில் ஒரு பங்கு கருமை, அதுவும் கூரான விளிம்பில்லாமல் தேய்த்துவிட்டதுபோல. எலும்பின் உள்ளே இயல்பாகவே பஞ்சுபோல ஒரு வலைப்பின்னல் உண்டு, அதன் வெளுப்பும் கருப்புமே இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். அதற்குள் இது கரைந்துவிடும். 10 டிகிரி என்பது பெரிய சாய்வே இல்லை. வலியில் கையைச் சரியாக வைக்க முடியாதவருக்கு அந்த அளவு திரும்புவது சாதாரணம்.

இதனால்தான் ஒரே எலும்பை இரண்டு மூன்று கோணத்தில் எடுக்கச் சொல்கிறோம். நேர் எதிராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று குறைந்தபட்சம் இரண்டு வேண்டும். ஸ்கேஃபாய்டுக்கு அதுவும் போதாது. முந்திரிக்கொட்டையை நினைவுபடுத்தும் வளைவான சின்ன எலும்பு அது, மூன்று சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அதன் கிரேக்கப் பெயருக்குப் பொருள் படகு மாதிரியானது என்பது. மணிக்கட்டில் அது நேராக நிற்பதில்லை, உள்ளங்கைப் பக்கம் ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்து படுத்திருக்கிறது. சாதாரண மணிக்கட்டு எக்ஸ்ரேயில் மேலிருந்து கதிர் வரும்போது அது நீளம் குறுகி, தன் மேலேயே மடிந்ததுபோல விழும். விரிசல் பெரும்பாலும் விழுவது அதன் நடுவில், ‘இடுப்பு’ என்று நாங்கள் சொல்லும் இடத்தில். குறுகி விழுந்த படத்தில் அந்த இடுப்பே சரியாகத் தெரியாது.

அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து வைத்தால் ஸ்கேஃபாய்டு நிமிர்ந்து நீளும். அப்படியே கதிர் வரும் எக்ஸ்ரே குழாயையும் 20 முதல் 30 டிகிரி சாய்த்து எடுத்தால் இடுப்பு முழுக்க விரிந்து தெரியும். இதைத்தான் ஸ்கேஃபாய்டு வியூ என்கிறோம். டெக்னீஷியனுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் யாராவது கேட்டால்தான் எடுப்பார். சீட்டில் “மணிக்கட்டு எக்ஸ்ரே, இரண்டு வியூ” என்று மட்டும் எழுதி வந்தால் இரண்டுதான் எடுப்பார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. சீட்டில் “விழுந்தார், பெருவிரல் அடியில் அழுத்தினால் வலி, ஸ்கேஃபாய்டு பார்க்கவும்” என்று ஒரு வரி இருந்தால் எடுக்கும் படமும் மாறும், நான் அதைப் பார்க்கும் விதமும் மாறும். எனக்கு வரும் சீட்டுகளில் பாதிக்கு மேல் “வலி” என்ற ஒற்றைச் சொல்லோடு வருகின்றன. எந்த இடத்தில் வலி என்றுகூட இருக்காது. இது என் பல வருட ஆதங்கம், விட்டுவிடுகிறேன்.

சரி, எல்லாக் கோணமும் எடுத்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அப்போதும் முதல் நாளில் தெரியாமல் போகுமா? போகும். ஸ்கேஃபாய்டு முறிவுகளில் கவனிக்கத்தக்க ஒரு பங்கு முதல் நாள் படத்தில் யார் பார்த்தாலும் தெரியாது. துண்டுகள் இம்மியும் நகராமல் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தால், இடுக்கு என்று சொல்லவே இடைவெளி இருக்காது. எக்ஸ்ரே தட்டில் ஒரு புள்ளியின் அளவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைவிட மெல்லிய இடைவெளி ஒரு புள்ளிக்குள்ளேயே முடிந்துவிடும்.

பிறகு 12 நாளில் எப்படித் தெரிந்தது? இதைத்தான் பலர் ‘முதலில் இல்லாத முறிவு அப்புறம் வந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். உடைந்த ஓரத்தில் ரத்த ஓட்டம் அறுபட்ட எலும்புச் செல்கள் செத்துப்போகும். ஆறும் வேலையின் முதல் கட்டமாக உடம்பு அந்தச் செத்த ஓரத்தைக் கரைத்து எடுக்கிறது. சுவரில் விரிசல் விழுந்தால் கொத்தனார் பூசுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கொத்தி விரிவாக்குவாரே, கிட்டத்தட்ட அதேபோல. அதனால் முதல் வாரம் கடந்து, 10 முதல் 14 நாளுக்குள் அந்த இடுக்கு நிஜமாகவே அகலமாகிறது, முதலில் காட்டாத கருங்கோடு அப்போது விழுகிறது. ‘சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி எடு’ என்று காலங்காலமாகச் சொல்வது இதனால்தான். உங்கள் இரண்டாவது டாக்டர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குக் கிடைத்த படமே முதலாமவருக்குக் கிடைத்ததைவிட எளிதானது.

கண்ணுக்குத் தப்பும் ரகத்துக்கு என் சொந்தக் கதையே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கபடி ஆடி விழுந்த ஒரு கல்லூரி மாணவரின் படம் ஒரு மாலை நேரத்தில் வந்தது. நேர், சாய்வு, பக்கவாட்டு என்று மூன்று வியூ. ஆர எலும்பின் முனையில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது, பளிச்சென்று. அதைப் பார்த்ததும் எழுதிவிட்டேன், மீதி எலும்புகள் நார்மல் என்றும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். ஸ்கேஃபாய்டின் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு. பழைய படத்தைத் திரையில் திறந்து பக்கத்தில் வைத்தேன். நேர் படத்தில் ஒன்றுமே இல்லை, இன்றைக்குக் காட்டினாலும் நார்மல் என்றுதான் சொல்வேன். சாய்வுப் படத்தில், ஸ்கேஃபாய்டின் வெளி ஓரத் தோட்டில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு வெள்ளை அறுபட்டிருந்தது. கோடு இல்லை, வெறும் அறுபடல். அது எங்கே என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்று ஒரு முறிவைக் கண்ட திருப்தியில் கண் தேடுவதை நிறுத்திவிட்டது, இப்படி நடப்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதிலிருந்து மணிக்கட்டுப் படம் வந்தால் பளிச்சென்று தெரிவதைக் கடைசியில் எழுதுகிறேன், ஸ்கேஃபாய்டின் ஓரத்தை முதலில் சுற்றி வருகிறேன்.

இன்னொரு சிக்கல், முறிவே இல்லாத இடத்திலும் கருங்கோடு தெரியும். எலும்புக்குள் ரத்தக் குழாய் நுழையும் வழி ஒரு கருங்கோடாக விழும். ஆனால் அதன் இரண்டு ஓரமும் வழவழப்பாக, மெல்லிய வெள்ளைக் கரை கட்டியிருக்கும். புது விரிசலுக்குக் கரை இருக்காது. அடுத்தது கண்ணின் ஏமாற்று. ஒரு எலும்பின் ஓரம் இன்னொன்றின் மேல் விழும் இடத்தில் நம் கண் தானாகவே ஒரு மெல்லிய கருங்கோட்டை வரைந்துவிடும். மாக் பட்டை என்று பெயர், எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்தது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இந்தப் பொய்க்கோடுகள் அங்கே ஏராளம். சோதிக்க ஒரு வழி உண்டு, மேலே விழும் அந்த ஓரத்தை ஒரு காகிதத் துண்டால் மறைத்தால் பொய்க்கோடு காணாமல் போகும், நிஜ விரிசல் அப்படியே இருக்கும். சிறுவர்களுக்கு இன்னும் கஷ்டம், வளர்ச்சிக் குருத்தெலும்பே கருங்கோடாகத் தெரியும். இவ்வளவு பொய்க்கோடுகளைப் பார்த்துப் பழகிய கண், மங்கலான நிஜக்கோட்டையும் சில நேரம் பொய் என்று ஒதுக்கிவிடுகிறது.

ஆகவே படத்தைவிட விரல் சொல்வதை நான் அதிகம் நம்புவேன். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கமாக, இரண்டு நரம்புபோன்ற தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். முன்காலத்தில் மூக்குப்பொடியை அந்தக் குழியில் கொட்டி உறிஞ்சியதால் ஆங்கில மருத்துவத்தில் அதன் பெயரே மூக்குப்பொடி டப்பி. ஸ்கேஃபாய்டு சரியாக அதன் அடியில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் வலிக்கிறது, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் மேட்டின் அடியில் அழுத்தினாலும் வலிக்கிறது, கட்டைவிரலை நேராக உள்நோக்கித் தள்ளினாலும் வலிக்கிறது என்றால், படம் நார்மலாக இருந்தாலும் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், வெறும் சுளுக்கிலும் அந்தக் குழியில் வலிக்கும். வலி இருப்பதால் முறிவு என்று உறுதி சொல்ல முடியாது. மூன்று இடத்திலும் வலியே இல்லை என்றால் முறிவு இல்லை என்பதற்கு அது ஓரளவு நல்ல சாட்சி.

நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்றீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிமில் பெரும்பாலும் படத்தைச் சுருக்கி, ஒரே தாளில் இரண்டு மூன்று வியூ அச்சடிப்பார்கள். மணிக்கட்டே தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். நாங்கள் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கி, வெளிச்சத்தையும் அடர்த்தியையும் மவுஸால் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். அதற்கு மேல் அந்தப் பிலிமைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பைச் சுருக்கும்போது முதலில் போவது இந்த மாதிரி மெல்லிய கோடுகள்தான். அப்படி வந்த படத்தைப் பார்த்து “முறிவு தெரிகிறது” என்று நான் சொன்னதுண்டு, “முறிவு இல்லை” என்று ஒருநாளும் சொன்னதில்லை. உங்களுக்கு ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் சிடியில் அல்லது மெயிலில் மூலக் கோப்பு கேளுங்கள், பெயர் பெரும்பாலும் .dcm என்று முடியும். இரண்டு நாள் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க அதுதான் வேண்டும்.

முதல் இடத்தில் தவறு நடந்ததா என்பதற்கு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொன்னால் அது நியாயமுமில்லை. ஆனால் எதைப் பார்த்து முடிவுக்கு வரலாம் என்று சொல்லலாம். எத்தனை வியூ எடுத்தார்கள், ஸ்கேஃபாய்டு வியூ அதில் உண்டா? டாக்டர் அந்தக் குழியில் அழுத்திப் பார்த்தாரா? “வலி குறையாவிட்டால் 10 நாளில் வாங்க” என்று சொன்னாரா, கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் கட்டினாரா? இவையெல்லாம் நடந்திருந்தால் படத்தில் தெரியாதது தவறாகாது. இவற்றில் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு நேர் படத்தை வைத்து “சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவுங்கள்” என்று அனுப்பியிருந்தால் குறை படத்தைப் படித்ததில் இல்லை, அதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

இதற்கு இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் உண்டு. ஸ்கேஃபாய்டுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து நுழைந்து, பின்னோக்கி முன்கைப் பக்கத்து முனைக்குப் போகிறது. இடுப்பில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகக்கூடும். அதனால்தான் மற்ற எலும்பைவிட இது ஆற மெதுவாகிறது, அசைந்துகொண்டே இருந்தால் சேராமலும் போகிறது. உடைந்த இடம் முன்கைப் பக்கத்து முனைக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு ஆபத்து. ஆகவே உங்கள் ஆர்த்தோ டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “யார் தவறவிட்டது” என்பதல்ல. “எலும்பின் எந்தப் பகுதியில் கோடு, துண்டு நகர்ந்திருக்கிறதா” என்று கேளுங்கள். நகர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் திட்டமாகச் சொல்ல முடியாவிட்டால் அவர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார், விரிசலின் போக்கைப் பார்க்க அது நல்லது. எம்ஆர்ஐ வேறு வேலைக்கு. அடிபட்டதால் எலும்பு மஜ்ஜையில் கோக்கும் நீரை அது முதல் ஓரிரு நாளிலேயே காட்டிவிடும், எக்ஸ்ரேயில் கோடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே கோடு தெரிந்துவிட்டதால், முறிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் இப்போது எம்ஆர்ஐ தேவைப்படாது.

அதுவரை அந்தக் கையால் பைக் ஆக்ஸிலரேட்டரைத் திருகாதீர்கள், யாரிடமும் நீவிக்கொள்ளாதீர்கள். மூலக் கோப்பு கிடைத்து, சாய்வு வியூவில் ஸ்கேஃபாய்டின் வெளி ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடிந்தால் இங்கே எழுதுங்கள், எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.